நீர்மட்டம் 16 செ.மீ.யில் நிற்கிறதா? வீதக் கணக்கைச் சமன்பாடாக்கும்போது வரும் கோளாறுகள்

மொரீஷியஸில் எச்.எஸ்.சி. கணிதம் எழுதும் பிள்ளைகளுக்கு, மூன்றாம் தாளில் வகைக்கெழுச் சமன்பாட்டுக் கேள்வி வரும். தொகையிடுவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மாறிகளைப் பிரித்து, மடக்கை எடுத்து, முடித்துவிடுவார்கள். தடுக்கி விழுவது அதற்கு முன்னால்தான்: வாக்கியமாக இருக்கும் கணக்கைச் சமன்பாடாக மாற்றும் அந்த இரண்டு மூன்று வரிகளில். அங்கே ஒரு தப்பு நடந்தால் அது அங்கேயே தெரியாது. ஒரு பக்கம் தள்ளி, வேறு உருவத்தில் தலைகாட்டும். அதனால் இங்கே ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு, கடைசியில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து பின்னோக்கிப் போய்க் கோளாறைப் பிடிக்கலாம்.

கணக்கு இது.

ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அடிப்பரப்பு 8000 சதுர செ.மீ., உயரம் 125 செ.மீ. தெருக் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 8 லிட்டர் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. தொட்டியின் அடியிலேயே உள்ள குழாயைத் திறந்தால், தண்ணீர் வெளியேறும் வீதம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குழாயைத் திறக்கும்போது நீர்மட்டம் 100 செ.மீ. மட்டம் 64 செ.மீ.யாக இருக்கும் கணத்தில், அது நிமிடத்துக்கு 1 செ.மீ. வீதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மட்டம் 36 செ.மீ.க்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: டோரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி அது. அடியிலுள்ள துளையில் தண்ணீர் பீறிடும் வேகம் √(2gh). இங்கே h என்பது துளைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம். குழாய் தொட்டியின் அடியிலேயே இருப்பதாகக் கணக்கு சொல்வது இதற்காகத்தான். மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளச் சமையலறைக்கு இறங்கும் குழாய் என்றால் மூன்று நான்கு மீட்டர் கூடுதல் உயரம் சேர்ந்துகொள்ளும். அப்போது தொட்டிக்குள் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கீழே வரும் வேகம் பெரிதாக மாறாது. கணக்கும் வேறாகிவிடும்.

சரியான சமன்பாட்டை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எது கோளாறு என்று ஒப்பிட முடியாது.

```
8 dh/dt = 8 − k√h        (k = 2)
dh/dt = (4 − √h)/4
t = 0 : h = 100
```

முதல் வரியில் இரண்டு பக்கமும் இருப்பது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவு. அடிப்பரப்பு 8000 சதுர செ.மீ. என்பதால் மட்டம் 1 செ.மீ. மாறினால் 8000 கன செ.மீ., அதாவது 8 லிட்டர் மாறுகிறது. இடப்பக்க 8 அந்த 8. வலப்பக்க 8 உள்ளே வரும் தண்ணீர். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான், ஆனால் குழப்பம் வருவதற்கு அது நல்ல வாய்ப்பு. k√h என்பது அடிக்குழாயில் போகும் தண்ணீர்; k = 2 எப்படி வந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

தொகையிட்டால் கிடைப்பது:

```
t = 8(10 − √h) + 32 ln( 6 / (√h − 4) )
h = 36 :  t = 32 + 32 ln 3 ≈ 67.2
```

67 நிமிடத்துக்குச் சற்று மேல். இப்போது கோளாறுகளைப் பார்ப்போம்.

அறிகுறி: கால்குலேட்டரில் Math ERROR, அல்லது விடை 64, அல்லது 19

மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் ஒரே நோய் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் ஒன்றுதான்.

Math ERROR வருவது எதிர்க்குறி எண்ணுக்கு மடக்கை கேட்கும்போது. இதற்கு மிக லேசான காரணம், சரியான சமன்பாட்டை எழுதிவிட்டு, தொகையிடும்போது ln(4 − √h) என்று மட்டுக்குறி இல்லாமல் விட்டிருப்பது. √h இங்கே 10-இலிருந்து தொடங்குகிறது. 4 − 10 என்பது −6. மட்டுக்குறி போட்டு ln|4 − √h| என்று எழுதினால் போதும். சமன்பாட்டில் கோளாறு இல்லை.

ஆனால் "மட்டுக்குறி போட்டால் ERROR போய்விடும்" என்று பாடம் பண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. மட்டுக்குறி கெட்ட சமன்பாட்டையும் காப்பாற்றிவிடும். எப்படி என்று பாருங்கள்.

ஒரு பிள்ளை 64 செ.மீ. வாக்கியத்தைப் படிக்கிறது: மட்டம் நிமிடத்துக்கு 1 செ.மீ. இறங்குகிறது, அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர் போகிறது. சரி, அப்போ k√64 = 8, k = 1 என்று எழுதிவிடுகிறது. கேட்டால், "போறது எட்டு லிட்டர்தானே சார்?" என்று பதில் வரும். தொட்டியில் குறைவது எட்டு லிட்டர். ஆனால் அதே நிமிடத்தில் மேலேயிருந்து எட்டு லிட்டர் வந்தும் இருக்கிறது. ஆகவே அடிக்குழாயில் போவது பதினாறு. k√64 = 16, k = 2. கணக்கில் "மட்டம் இறங்குகிறது" என்று வந்தால் அது வரவும் செலவும் கழித்த மிச்சம். "தண்ணீர் வெளியேறுகிறது" என்று வந்தால் செலவு மட்டும். கேள்வி போடுகிறவர் இந்த இரண்டில் எதைச் சொல்லியிருக்கிறார் என்பதை வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இப்போது k = 1 என்ற தப்போடு மேலே போனால் சமன்பாடு 8 dh/dt = 8 − √h ஆகிறது. மட்டுக்குறியோடு ஒழுங்காகத் தொகையிட்டு 100, 36 இரண்டையும் போட்டால்:

```
t = 16(10 − 6) + 128 ln( |8−10| / |8−6| )
  = 64 + 128 ln 1 = 64
```

64 நிமிடம். உண்மையான விடை 67. யாருக்குச் சந்தேகம் வரும்? எண் முழுசாக, அழகாக வேறு இருக்கிறது. ஆனால் அந்தச் சமன்பாட்டில் dh/dt சுழியமாகும் இடத்தைப் பாருங்கள்: √h = 8, h = 64. அங்கே வரவும் செலவும் சமமாகிவிடுவதால் 100-இலிருந்து இறங்கும் தண்ணீர் 64-ஐ நெருங்க நெருங்க மெதுவாகும், அதைத் தாண்டாது. 36-க்கு வரவே வராது. போதாக்குறைக்கு, 64-இல் நிமிடத்துக்கு 1 செ.மீ. இறங்குகிறது என்று கணக்கு சொல்கிறது. நம் சமன்பாடோ அங்கே அசைவே இல்லை என்கிறது. தொகையிடும்போது 64 என்ற சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டோம். மட்டுக்குறி அதை மறைத்துவிட்டது.

19 வருவது இன்னொரு வழியில். எது தெரியாத அளவு என்று முடிவு செய்யாமல் தொடங்குவது. கேள்வி கேட்பது மட்டத்தைப் பற்றி, ஆகவே h என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் வலப்பக்கத்தில் எழுதுவது லிட்டர்.

```
dh/dt = 8 − k√h        ← தப்பு
```

இடப்பக்கம் செ.மீ., வலப்பக்கம் லிட்டர். இதில் 64 நிபந்தனையைப் போட்டால் −1 = 8 − 8k, k = 9/8. பின்னமாக வந்தாலும் பார்ப்பதற்குத் தப்பாகத் தெரியாது. மட்டுக்குறியோடு முடித்தால் சுமார் 19.2 நிமிடம் வரும். இதற்கும் அதே சோதனை: dh/dt = 0 என்றால் √h = 64/9, h சுமார் 50.6 செ.மீ. 100-க்கும் 36-க்கும் நடுவில் இன்னொரு சுவர். இதுவும் 36-க்கு வராது.

ஆக, தொகையிடும் முன் செய்ய வேண்டியது ஒரு வரிதான். வலப்பக்கத்தைச் சுழியமாக்கி, மட்டம் எங்கே நிற்கும் என்று பாருங்கள். சரியான சமன்பாட்டில் அது 16 செ.மீ. 100-இலிருந்து 36-க்குப் போகும் வழியில் 16 குறுக்கே வரவில்லை. அப்போது மட்டும் மேலே போகலாம். நடுவில் சுவர் இருந்தால் இரண்டில் ஒன்று: k கண்டுபிடித்த வரியில் வரவை மறந்திருப்போம், அல்லது அலகு கலந்திருக்கும். இந்தக் கணக்கின் எண்களில், சுவர் சரியாக 64-இலேயே வந்து நின்றால் வரவை மறந்ததுதான் காரணம். வேறு எங்காவது நின்றால் முதலில் அலகைச் சந்தேகப்படலாம்.

அலகுக் கோளாறு வராமல் இருக்க நான் எப்போதும் சொல்வது: முதல் வரியை, தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதைச் சொல்லும் V வைத்து எழுதுங்கள், h வைத்து அல்ல. dV/dt = 8 − k√h. வருவதும் போவதும் தண்ணீர்தான். மட்டம் வருவதில்லை, போவதுமில்லை. அப்புறம் V = 8h என்று இரண்டாவது வரியில் மாற்றுங்கள். தொட்டி உருளையாக இல்லாமல் கூம்பாக இருந்தாலும் இந்த வழக்கம் கைகொடுக்கும். அங்கே dV/dh எண்ணாக இல்லாமல் h-ஐச் சார்ந்து மாறும், அவ்வளவுதான். கூம்புத் தொட்டிக்கு நேராக dh/dt எழுதித் தொடங்கியவர்கள் தப்பித்ததை நான் பார்த்ததில்லை.

அறிகுறி: k = 0 வருகிறது

இது நல்ல அறிகுறி, ஏனென்றால் மறைக்க முடியாது. k சுழியம் என்றால் குழாயிலிருந்து தண்ணீரே வரவில்லை என்று அர்த்தம். உடனே நிற்க வேண்டும்.

காரணம் குறி. "இறங்குகிறது" என்ற சொல்லுக்கு எங்கே எதிர்க்குறி போடுவது என்பதில் இரண்டு வழியில் இது நடக்கும். ஒன்று, 8 dh/dt = 8 − k√h என்று சரியாக எழுதிவிட்டு, 64-இல் dh/dt = 1 என்று போடுவது: 8 = 8 − 8k. இன்னொன்று, இறங்குகிறது என்பதால் இடப்பக்கத்தில் ஒரு எதிர்க்குறியைச் சேர்த்து −8 dh/dt = 8 − k√h என்று எழுதி, dh/dt = −1 என்று சரியாகப் போடுவது. அதிலும் 8 = 8 − 8k தான்.

dh/dt என்பது மாற்ற வீதம், ஏற்றமா இறக்கமா என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை. தொடக்கத்தில் இறங்குகிறது என்பதற்காக அதற்கு எதிர்க்குறி போட்டுக் கட்டிவைக்கக் கூடாது. இதே தொட்டி 9 செ.மீ.யில் இருந்து தொடங்கினால் மட்டம் ஏறும். அதே சமன்பாடு இரண்டுக்கும் பொருந்த வேண்டும். குறி போட வேண்டியது வலப்பக்க உறுப்புகளுக்கு மட்டும்: உள்ளே வருவது நேர்க்குறி, வெளியே போவது எதிர்க்குறி, k நேர்க்குறி எண். அளந்த எண்ணைப் பிரதியிடும்போது, அது இறக்கமாக இருந்தால் −1.

அறிகுறி: k சரியாக 2, ஆனால் t எதிர்க்குறியில்

மேலே சொன்ன இரண்டு தப்பையும் ஒன்றாகச் செய்தால் இது வரும். −8 dh/dt = 8 − k√h என்று எழுதி, dh/dt = 1 என்று போட்டால் −8 = 8 − 8k, k = 2. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. ஆனால் சமன்பாடு தலைகீழாகவே இருக்கிறது. கடைசியில் t = −67.2 வரும். நேரம் எதிர்க்குறியில் வருமா என்று யோசித்து, அந்தக் கோட்டை அழித்துவிட்டு 67.2 என்று எழுதிவிடுவார்கள்.

விடை சரிதான். ஆனால் கேள்வியின் முதல் பகுதி பெரும்பாலும் "இந்தச் சமன்பாடு பொருந்தும் என்று காட்டுக" என்றுதான் இருக்கும். அங்கே மதிப்பெண் போய்விடும். சோதனை: t = 0 இல் h = 100 போட்டு dh/dt-ஐக் கணக்கிடுங்கள். 20 லிட்டர் போகிறது, 8 லிட்டர் வருகிறது, 12 லிட்டர் குறைகிறது. மட்டம் நிமிடத்துக்கு 1.5 செ.மீ. இறங்க வேண்டும். உங்கள் சமன்பாடு +1.5 தந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். கடைசிவரை போகத் தேவையில்லை.

அறிகுறி: விடை 38 நிமிடம்

இது தொடக்க நிபந்தனைக் கோளாறு. கணக்கில் இரண்டு மட்டங்கள் தரப்பட்டிருக்கின்றன, 100 மற்றும் 64. கண்டுபிடிக்க வேண்டிய மாறிலிகளும் இரண்டு: k, தொகையீட்டு மாறிலி C. எந்த வாக்கியம் எதற்கு என்று தெரியாமல் 64-ஐத் தொடக்கமாக வைத்தால் 16 + 32 ln 2, சுமார் 38.2 வரும். அது 64-இலிருந்து 36-க்கு ஆகும் நேரம். தப்பான கேள்விக்குச் சரியான விடை.

பிரிப்பது எளிது. நேரத்தோடு மட்டத்தைச் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் C-க்கு: "திறக்கும்போது 100 செ.மீ." மட்டத்தோடு வீதத்தைச் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் k-க்கு: "64-இல் நிமிடத்துக்கு 1 செ.மீ." இரண்டாவதில் கடிகாரமே இல்லை, அது எந்த நிமிடத்தில் நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அதைத் தொகையிடும் முன்பே, வகைக்கெழுச் சமன்பாட்டிலேயே போட்டு k-ஐ முடித்துவிடலாம்.

சில கணக்குகளில் நேரத்தோடு மட்டம் சொல்லும் வாக்கியம் இரண்டு இருக்கும்: முதலில் 100, இருபது நிமிடம் கழித்து இவ்வளவு என்று. அப்போது k-ஐ முன்கூட்டி எடுக்க முடியாது. தொகையிட்ட பிறகு C முதலில், k அப்புறம்.

அறிகுறி: காலியான தொட்டி தானாக நிரம்புகிறது

இது கணக்கின் இரண்டாம் பகுதியில் வரும். மட்டம் 36-க்கு வந்த கணத்தில் தெருக் குழாய் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கடைசியில், கோடை மழை பிடிப்பதற்கு முன், இங்கே யாருக்கும் இதைக் கற்பனை செய்யச் சிரமம் இருக்காது. அடிக்குழாய் திறந்தே இருக்கிறது. தொட்டி காலியாக எவ்வளவு நேரம்?

வரவு போய்விட்டதால் சமன்பாடு மாறுகிறது, தொடக்கமும் மாறுகிறது. புதுக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்; வரத்து நின்ற கணம் அதில் t = 0.

```
dh/dt = −√h/4 ,   t = 0 : h = 36
√h = 6 − t/8
```

48 நிமிடத்தில் காலி. இங்கே பழைய 100-ஐயே தொடக்கமாக விட்டவர்களுக்கு 80 வரும். பழைய கடிகாரத்தையே ஓட விடுவதும் தப்பில்லை, ஆனால் அப்போது t = 67.2 இல் h = 36 என்று போட வேண்டும்; கடைசி விடையும் 115 நிமிடமாக, முதலில் குழாயைத் திறந்ததிலிருந்து எண்ணியதாக இருக்கும். எது கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தானாக நிரம்பும் தொட்டி. √h = 6 − t/8 என்பதை வர்க்கப்படுத்தி h = (6 − t/8)² என்று எழுதி, வரைபடம் போட்டால் அது பரவளையம். 48-இல் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறும். t = 96 இல் மட்டம் மீண்டும் 36 என்று காட்டும். "ஒரு மணி நேரம் கழித்து மட்டம் என்ன?" என்ற கேள்விக்கு t = 60 போட்டு 2.25 செ.மீ. என்று எழுதுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வர்க்கப்படுத்தியபோது குறி தொலைந்துவிட்டது. √h எதிர்க்குறியாக இருக்க முடியாது. ஆகவே 6 − t/8 சுழியத்துக்குக் கீழே போனதுமே அந்த வாய்பாடு செல்லாது. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாலும் தெரியும்: t = 60 இல் வாய்பாடு மட்டம் ஏறுகிறது என்கிறது, dh/dt = −√h/4 ஏறவே முடியாது என்கிறது. ஆகவே விடை எழுதும்போது h = (6 − t/8)², 0 ≤ t ≤ 48 என்று எல்லையோடு எழுதுங்கள்; அதன் பிறகு h = 0. ஒரு மணி நேரம் கழித்து மட்டம் என்ன என்றால், தொட்டி காலி.